டோட்டல் ஸ்டேஷனுக்கு ஒரு பரீட்சை

நாற்பதுக்கு அறுபது மனை. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. மூலைக் கல்லின் மேல் முக்காலியை நிறுத்தி, அதில் டோட்டல் ஸ்டேஷனைப் பொருத்தி, சர்வேயர் இரண்டு பக்கங்களையும் அளக்கிறார். திரையில் மில்லிமீட்டர் வரை எண் ஓடுகிறது. இரண்டு பக்கங்களும் தலா மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டினால், மனை ஏறக்குறைய 10 சதுர அடி பெருத்துவிடும். கருவி பழுதாகவில்லை, எச்சரிக்கை ஒலியும் வரவில்லை. எத்தனை முறை அளந்தாலும் அதே எண்தான் வரும். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

அந்த மூன்று சென்டிமீட்டர் பெரும்பாலும் ப்ரிசத்திலிருந்து வருவது. கருவி அனுப்பும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிதான் ப்ரிசம். கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போகும். ஆகவே திரும்பி வர எடுத்த நேரம் கூடி, தூரமும் கூடியதாகத் தெரியும். இதைக் கழிக்க ஒவ்வொரு ப்ரிசத்துக்கும் ஒரு மாறிலி உண்டு. சிலவற்றுக்கு அது −30 மில்லிமீட்டர், சிலவற்றுக்குப் பூஜ்யம். வேறு கம்பெனி ப்ரிசத்தை இரவல் வாங்கி வந்துவிட்டு, மாறிலியை மாற்றாமல் அளந்தால் பிழை உறுதி.

இதைக் கண்டுபிடிக்கத்தான் நீளம் தெரிந்த அடிக்கோடு. சர்வேயர்கள் இதை பேஸ்லைன் என்பார்கள். அசையாத தூண்கள் அல்லது ஆழமாகப் பதித்த கான்கிரீட் குறிகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் முன்பே துல்லியமாக அளக்கப்பட்டிருக்கும். கருவியை ஒரு குறியில் நிறுத்தி, மற்றவற்றை அளந்து, தெரிந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

ஒரு கோட்டில் முதல் குறியிலிருந்து மற்ற மூன்றும் 50.003, 150.011, 400.020 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருவி 50.033, 150.041, 400.050 என்று காட்டுகிறது. ஐம்பது மீட்டரிலும் நானூறு மீட்டரிலும் அதே 30 மில்லிமீட்டர் கூடுதல். தூரம் மாறினாலும் மாறாத பிழை இது. −30 மாறிலி உள்ள ப்ரிசத்துக்குக் கருவியில் பூஜ்யம் பதிவாகியிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். மாறிலியைத் திருத்தி மீண்டும் அளந்தால் மூன்றும் சேர்ந்து சரியாக வேண்டும்.

இன்னொரு கருவி 50.002, 150.008, 400.011 என்று காட்டுகிறது. முறையே 1, 3, 9 மில்லிமீட்டர் குறைவு. தூரம் வளர வளரப் பிழையும் வளர்கிறது. இதற்கும் ப்ரிசத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கே காரணம் காற்று. சூடான காற்றில் ஒளி சற்று வேகமாகப் போகும், தூரம் குறைவாகத் தெரியும். ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மாறும். கருவியில் 15 டிகிரி என்று இருக்க, வெளியே 38 டிகிரி வெயில் அடித்தால், 400 மீட்டரில் அந்த 9 மில்லிமீட்டர் அப்படியே வந்துவிடும். ஊட்டி போன்ற உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இந்தப் பிழை இன்னும் பெரிது. கடல்மட்ட அழுத்தத்தையே வைத்துக்கொண்டு அங்கே 500 மீட்டர் அளந்தால் மூன்று சென்டிமீட்டர் போல விடுபடும். வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சரியாகப் பதிந்த பிறகும் பிழை தூரத்தோடு வளர்ந்தால்தான் கருவியின் உள்ளே கோளாறு. அதைச் சர்வீஸ் சென்டர்தான் பார்க்க வேண்டும்.

அருகில் பேஸ்லைன் இல்லாத இடத்திலும் பாதிப் பரீட்சையை நடத்தலாம். சமதரையில் ஒரே கோட்டில் அ, ஆ, இ என்று மூன்று குறிகளை வைக்க வேண்டும். அ–ஆ, ஆ–இ இரண்டையும் தனித்தனியே அளந்து கூட்டி, அ–இ முழுத் தூரத்தைக் கழிக்க வேண்டும். கருவி ஒவ்வொரு முறையும் 30 மில்லிமீட்டர் கூட்டிக் காட்டினால், கூட்டுத்தொகையில் அது இரண்டு முறையும் முழுத் தூரத்தில் ஒரு முறையும் இருக்கும். மிஞ்சும் வித்தியாசம்தான் கருவியின் நிலையான பிழை. நீளம் எதுவும் முன்னரே தெரிய வேண்டியதில்லை. ஆனால் தூரத்தோடு வளரும் பிழை இதில் சிக்காது, அது இரு பக்கமும் சமமாக அடிபட்டுவிடும். அதற்கு உண்மையான அடிக்கோடே வேண்டும்.

அளவுக்கு அளவு வைக்கும் வழக்கம் இங்கே பழையது. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். தரையில் இழுக்க ஒரு சங்கிலி. அது நீண்டதா, சுருங்கியதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே இன்னொரு சங்கிலி. வெப்பமானியின் அளவையும் குறித்துக்கொண்டு நீளத்தைத் திருத்தினார்கள். பின்லாந்தின் நும்மேலாவில் 1947-ல் அளக்கப்பட்ட 864 மீட்டர் அடிக்கோட்டில் ஒப்பீட்டுக்கு ஆதாரம் சுமார் ஒரு மீட்டர் நீளக் குவார்ட்ஸ் தண்டு. ஒளி அலைகளின் குறுக்கீட்டைக் கொண்டு அந்த நீளத்தைப் படிப்படியாகப் பெருக்கி 864 மீட்டரை எட்டினார்கள். பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப அளந்தும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே நிற்கிறது.

பரீட்சையே தவறாகப் போகவும் வழியுண்டு. முக்காலி குறிக்கு நேர் மேலே நிற்காமல் மூன்று மில்லிமீட்டர் விலகினால், அதைக் கருவியின் பிழை என்று எண்ணிவிடுவோம். ஆகவே மட்டக்குமிழியையும், குறியின் மேல் மையப்படுத்தும் லேசரையும் முதலில் சோதிக்க வேண்டும். ஏசி காரிலிருந்து எடுத்த கருவியை உடனே இயக்கக் கூடாது. வெளி வெப்பத்துக்குப் பழக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும். சாய்வுத் தூரத்தைக் கிடைமட்டத் தூரத்தோடு ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு தூரத்தையும் ஐந்து முறையாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

வித்தியாசம் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதைக் கருவியின் கையேடே சொல்லும். 2 மில்லிமீட்டர் + 2 பிபிஎம் என்றிருந்தால், 400 மீட்டரில் 2.8 மில்லிமீட்டர். அதற்குள் இருந்தால் தேறியது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டத்துக்காக மாறிலியைத் திருகுவது புதுப் பிழைக்கு வழி.

கையடக்க லேசர் மீட்டரில் வழக்கமான தவறு வேறு. கருவியின் பின்விளிம்பிலிருந்து அளப்பதா, முன்விளிம்பிலிருந்தா என்ற அமைப்பு மாறியிருந்தால், கருவியின் உடல் நீளமே, அதாவது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர், கூடும் அல்லது குறையும். டேப்பால் சரிபார்க்கலாம், ஆனால் டேப்பும் அப்பாவி அல்ல. 20 டிகிரிக்கு அளவிடப்பட்ட 30 மீட்டர் எஃகு டேப், 38 டிகிரி வெப்பத்தில் சுமார் ஆறு மில்லிமீட்டர் நீண்டுவிடும்.

நிலத்தை அளக்கக் கூப்பிடும்போது சர்வேயரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கருவியைக் கடைசியாக எந்த அடிக்கோட்டில் சோதித்தார்கள், இன்று எந்த ப்ரிசம் மாறிலியில் அளக்கிறார்கள், வெப்பநிலையும் அழுத்தமும் எவ்வளவு என்று பதிந்திருக்கிறார்கள். மூன்றையும் அளவைக் குறிப்பிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நாளை பக்கத்து மனைக்காரர் வேறு கருவியோடு வந்து வேறு எண் சொன்னால், எந்தக் கருவி பிழை என்று பேச அந்தக் குறிப்புதான் ஆதாரம்.