ஓய்வூதியம்: உதவிபெறும் பள்ளிக்கு ஒரு கணக்கு, கூட்டுறவுச் சங்கத்துக்கு வேறு கணக்கு

அரசு உதவிபெறும் பள்ளியின் ஆசிரியரும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளரும் அரசு ஊழியர்கள் அல்லர். ஆசிரியரை நியமிப்பது பள்ளி நிர்வாகம். செயலாளரை நியமிப்பது சங்கம். இருவரது ஊதியமும் பணி விதிகளும் அரசுத் துறையின் கண்காணிப்பில்தான் இருக்கின்றன. ஆனாலும் தமிழ்நாட்டில் ஆசிரியருக்கு அரசு ஊழியரைப் போன்ற ஓய்வூதியம் உண்டு, செயலாளருக்கு அது கிடையாது. ஊதியம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். பள்ளியின் ஊதியத்தை மானியமாக அரசு கொடுக்கிறது. சங்கம் தன் ஊழியரின் ஊதியத்தைத் தன் வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.

உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்த 1955இல்தான் அன்றைய சென்னை மாநிலம் அவர்களுக்கென ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்து முப்பயன் திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் படிப்படியாக அரசு ஊழியருக்கான ஓய்வூதிய விதிகளின் பயன்கள் இவர்களுக்கும் விரிந்தன. 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு, கணக்கிடும் முறையைப் பொறுத்தவரை அரசுப் பள்ளி ஆசிரியரோடு பெரிய வேறுபாடு இல்லை. முப்பது ஆண்டுகள் தகுதியான பணிக்காலம் இருந்தால் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாகும். அதற்குக் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். அகவிலைப்படியும் குடும்ப ஓய்வூதியமும் இதனுடன் சேரும்.

சூத்திரம் ஒன்றுதான் என்றாலும், அதில் இடப்படும் ஆண்டுகளின் எண்ணிக்கையில்தான் சிக்கல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் நியமன ஆணையே பணியின் தொடக்கம். உதவிபெறும் பள்ளியிலோ நிர்வாகத்தின் நியமன ஆணை மட்டும் போதாது. அந்தப் பணியிடம் மானியத்துக்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நியமனத்தைக் கல்வி அதிகாரி ஒப்புதல் செய்திருக்கவும் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. எண்ணிக்கை குறைந்தால் இடம் உபரியாகிவிடும். மானியமில்லாத இடத்தில், நிர்வாகம் தன் பணத்திலிருந்து ஊதியம் கொடுத்து வைத்திருந்த ஆண்டுகள் எத்தனை இருந்தாலும் பொதுவாக ஓய்வூதியக் கணக்கில் சேர்வதில்லை. அதே வளாகத்தில் இயங்கும் சுயநிதிப் பிரிவில் செய்த பணிக்கும் இதுவே நிலை.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஓர் ஆசிரியை 1997 ஜூன் 1இல் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து 2022 மே 31இல் ஓய்வு பெற்றதாகக் கொள்வோம். கடைசி அடிப்படை ஊதியம் ரூ.60,000. பணி 25 ஆண்டுகள். முழு ஓய்வூதியம் ரூ.30,000 என்றால், முப்பதில் இருபத்தைந்து பங்காக அவருக்கு ரூ.25,000 கிடைக்க வேண்டும். ஆனால் அவர் இருந்த பணியிடம் மானியத்துக்கு அனுமதிக்கப்பட்டது 2000 ஜூன் 1 முதல்தான் என்று கோப்பில் இருந்தால், தகுதியான பணிக்காலம் 22 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். ஓய்வூதியம் ரூ.22,000. மாதம் மூவாயிரம் ரூபாய் குறைவதோடு, அதன் மேல் வரும் அகவிலைப்படியும் ஆயுள் முழுவதும் குறையும். மூன்று ஆண்டுகளும் அவர் அதே வகுப்பில் அதே பாடத்தைத்தான் நடத்தினார் என்பது கணக்கில் வராது.

இதைவிடக் கடுமையானது 2003இன் எல்லைக் கோடு. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்து விழுக்காடு பிடிக்கப்பட்டு, அதே அளவை அரசும் செலுத்தும் ஏற்பாடு அது. அதன் மூல வடிவில் மாத ஓய்வூதியம் என ஒன்று உறுதி செய்யப்படவில்லை. 1999இல் நிர்வாகம் நியமித்து, 2003 ஜூனில்தான் மானிய ஒப்புதல் கிடைத்த ஆசிரியர் எந்தப் பக்கம் சேர்வார்? நியமன நாளைப் பார்த்தால் பழைய திட்டம். ஒப்புதல் நாளைப் பார்த்தால் புதிய திட்டம். இத்தகைய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. நிர்வாகம் கோப்பைத் தாமதமாக அனுப்பியதற்கோ, அலுவலகம் அதை மாதக்கணக்கில் வைத்திருந்ததற்கோ ஆசிரியர் பொறுப்பல்ல. ஆனாலும் இழப்பு அவருக்குத்தான்.

பணிப் பதிவேடு பள்ளியில் இருப்பதும் ஓர் இடர். அரசு அலுவலகத்தில் அதைப் பராமரிக்கத் தனிப் பிரிவு உண்டு. சிறிய உதவிபெறும் பள்ளியில் தலைமையாசிரியரின் அலமாரியில் கிடக்கும். தாளாளர் மாறும்போது பழைய ஒப்புதல் ஆணைகள் காணாமல் போவதுண்டு. ஓய்வூதியக் கருத்துரு கல்வி அலுவலகம் வழியாகச் சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும்போதுதான் விடுபட்ட பதிவு தெரியவரும். பணிச் சரிபார்ப்புச் சான்று ஒவ்வோர் ஆண்டுக்கும் பதிவாகியிருக்கிறதா, ஒவ்வொரு நியமனத்துக்கும் ஒப்புதல் ஆணை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் கிடைக்கலாம்; அந்த மாதங்கள் ஓய்வூதியத்துக்குச் சேராது.

கூட்டுறவுச் சங்க ஊழியரின் நிலை வேறு. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 பதிவாளருக்குப் பரந்த அதிகாரம் கொடுத்தாலும், ஊழியரின் ஓய்வுக்காலப் பொறுப்பை அரசின் தலையில் வைக்கவில்லை. அவருக்குக் கிடைப்பது ஒன்றிய அரசின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995. தனியார் ஆலைத் தொழிலாளிக்கும் அதேதான். பக்கத்து மாநிலமான கேரளம் கூட்டுறவு ஊழியருக்கெனத் தனி நிதி வைத்து, 1994இலேயே ஒரு தற்சார்பு ஓய்வூதியத் திட்டத்தை உருவாக்கியது. சங்கங்கள் கட்டும் பங்களிப்பால் நடப்பது அது.

அந்த 1995 திட்டமும் எல்லாச் சங்கத்துக்கும் தானாகப் பொருந்தாது. வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஐம்பது பேருக்குக் குறைவாக வைத்து, மின்விசை போன்ற இயக்கு ஆற்றலின் துணையில்லாமல் நடக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு விலக்கு தருகிறது. கிராமத்துக் கடன் சங்கத்தில் ஐம்பது பேர் இருப்பது அரிது. எனவே சிறு சங்கங்களில் பல இந்த விலக்கைக் கோர இடம் உண்டு. ஆற்றலின் துணை என்றால் எது என்பதிலும் வாதம் எழும். நிர்வாகமும் ஊழியரில் பெரும்பான்மையோரும் ஒப்புக்கொண்டு விண்ணப்பித்தால், விலக்கு பெற்ற சங்கமும் தானாக முன்வந்து சட்டத்துக்குள் வரலாம். சங்கத்துக்கு வைப்பு நிதிக் குறியீட்டு எண் இருக்கிறதா என்பதே ஒரு ஊழியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

திட்டத்துக்குள் இருக்கும் ஊழியரின் பணம் இப்படிப் பிரிகிறது. ஊழியர் ஊதியத்தில் 12 விழுக்காடு செலுத்துகிறார். அது முழுவதும் வைப்பு நிதிக்குப் போகும். சங்கமும் 12 விழுக்காடு செலுத்துகிறது. அதில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்கும், மீதி வைப்பு நிதிக்கும் போகும். ஓய்வூதியப் பங்குக்குக் கணக்கில் எடுக்கும் ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 ஆகஸ்ட் வரை ரூ.6,500, அதற்குப் பின் ரூ.15,000. செயலாளர் ரூ.40,000 வாங்கினாலும், கூடுதல் ஊதியத்துக்கான உயர் ஓய்வூதிய விருப்பம் ஏற்கப்பட்டிருந்தாலொழிய, கணக்கு இந்த வரம்போடு நின்றுவிடும். 2014 செப்டம்பருக்குப் பின் முதன்முதலாகச் சேரும்போதே ரூ.15,000க்கு மேல் ஊதியம் பெறுபவர் ஓய்வூதிய நிதியில் சேரவே முடியாது.

மேலே சொன்ன ஆசிரியைக்கு இணையான ஒரு செயலாளர் 1997 செப்டம்பர் 1இல் சேர்ந்து, 2022 ஆகஸ்ட் இறுதியில் 58 வயதை முடித்ததாகக் கொள்வோம். அவர் ஊதியம் உச்சவரம்புக்கு மேலேயே இருந்தது. சூத்திரம்: ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2014 வரையிலான 17 ஆண்டுகளுக்கு ரூ.6,500 வைத்து ஏறத்தாழ ரூ.1,579 வரும். பிந்தைய 8 ஆண்டுகளுக்கு ரூ.15,000 வைத்து ரூ.1,714. இரண்டும் சேர்ந்து ரூ.3,293. இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதையும் சேர்த்தால் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயைச் சற்று ஒட்டி நிற்கும். அதே 25 ஆண்டுப் பணிக்கு ஆசிரியை பெறுவது ரூ.25,000. அவருக்கு அகவிலைப்படி உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. பத்தாண்டு கழித்தும் தொகை அப்படியே இருக்கும். இத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் ரூ.1,000. செயலாளருக்கு வைப்பு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கிடைக்கும். உண்மையில் அவரது முதுமைக்கு ஆதாரம் அவைதான், ஓய்வூதியம் அல்ல.

கூட்டுறவில் இழப்பு ஏற்படும் வழிகள் மூன்று. ஒன்று, நட்டத்தில் ஓடும் சங்கம் ஊழியரிடம் பிடித்த தொகையையும் தன் பங்கையும் கட்டாமல் விடுவது. இணையத்திலுள்ள உறுப்பினர் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு தனிப் பத்தியில் காட்டப்படும். அது வெறுமையாகவோ மாதங்கள் விட்டோ இருந்தால் வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். இரண்டு, ஒரு சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் பழைய கணக்கை மாற்றாமல் விடுவது. ஒவ்வொரு சங்கமும் தனித் தனி நிறுவனம் என்பதால் பணிக்காலம் தானே ஒட்டிக்கொள்ளாது. மூன்று, பத்தாண்டு நிறைவதற்குள் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடுவது. கல்யாணச் செலவுக்கு எடுத்த சில ஆயிரம் ரூபாயோடு அதுவரையிலான பணிக்காலமும் அழிந்துவிடும். அதற்குப் பின் பத்தாண்டு புதிதாக எண்ண வேண்டும்.

58 வயதோடு ஓய்வூதிய நிதிக்கான பங்களிப்பு நின்றுவிடும். அதற்கு மேல் சங்கத்தில் வேலை செய்தாலும் இரு தரப்புப் பங்கும் வைப்பு நிதிக்கே போகும். ஓய்வூதியம் தானாக வராது. 10டி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறந்த தேதியும் பெயரும் ஆதாரிலும் சங்கப் பதிவிலும் ஒத்திராவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும் என்பதால், அந்தத் திருத்தங்களைப் பணியில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.