n = 1 இற்குச் சரி, பிறகு?

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் பழைய வினாத்தாள்கள் கைபேசியில் படமாகப் பறக்கத் தொடங்கிவிடும். யாரோ ஒருவர் மேசை விளக்கின் கீழ் வைத்து எடுத்த படம், பத்துப் பேர் கைமாறி வரும்போது எழுத்துகள் மங்கியிருக்கும். தமிழ்ப் பாட வினா என்றால் பாதிக் குறையில்லை, வாசித்துவிடலாம். கணித வினாவில் அப்படி முடியாது. வலது மேல் மூலையில் குட்டியாக நிற்கும் அடுக்கு ஒன்று கீழே இறங்கிவிட்டால் வினாவே வேறாகிவிடும்.

இலங்கையின் க.பொ.த உயர்தர இணைந்த கணிதம் முதலாம் வினாத்தாளில், பகுதி A யின் ஒவ்வொரு வினாவுக்கும் 25 புள்ளி. பெரும்பாலான ஆண்டுகளில் அதன் முதல் வினா கணிதத் தொகுத்தறிவுதான். தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் மாணவர்கள் இதையே கணிதத் தொகுத்தறிதல் என்று படிக்கிறார்கள். அந்த வகையைச் சேர்ந்த வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம்: எல்லா நேர் நிறையெண் n இற்கும் 4ⁿ + 15n − 1 என்பது 9 ஆல் வகுபடும் என நிறுவுக.

படத்தில் அடுக்கு மங்கியிருந்தால் ஒரு பிள்ளை இதை 4n + 15n − 1 என்று வாசித்துவிடலாம். அதாவது 19n − 1. இப்போது n = 1 என்று போட்டுப் பாருங்கள். சரியாக வாசித்தாலும் 18, பிழையாக வாசித்தாலும் 18. இரண்டுமே 9 ஆல் வகுபடும். முதற்படி முடிந்தது என்று நிம்மதியாக அடுத்த படிக்குப் போகிற பிள்ளை, அங்கே அரை மணி நேரம் தலையை உடைத்துக்கொள்ளும். n = 2 என்று போட்டிருந்தால் குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும். சரியான வினாவில் 16 + 30 − 1 = 45 வரும்; 9 ஆல் வகுபடும். பிழையான வாசிப்பில் 37 வரும், வகுபடாது. n = 3 இற்குச் சரியான வினா 64 + 45 − 1 = 108 தரும். அதுவும் 9 இன் மடங்கு. இந்த 45 ஐயும் 108 ஐயும் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆனால் இப்படி மூன்று எண்களைப் போட்டுப் பார்ப்பது நிறுவல் ஆகாது. மூன்றுக்குச் சரியாக வந்தது முப்பதாவதில் தவறலாம். எண்களுக்கு முடிவே இல்லாதபோது எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பது எப்படி? அதற்காகத்தான் இந்த முறை. கார்த்திகை இரவில் வரிசையாக வைத்த அகல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அகலிலும் உள்ள சுடர் அடுத்த அகலைக் கட்டாயம் பற்றவைக்கும்படி அடுக்கியிருக்கிறோம். முதல் அகலை நாம் ஏற்றிவிட்டால் போதும். வரிசை எவ்வளவு நீண்டாலும் எரியும். இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவதை ஏற்றுவது ஒன்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நெருப்புப் போகும் என்று உறுதிப்படுத்துவது மற்றது. பிரெஞ்சுக் கணிதர் பாஸ்கல் 1654 இல் எழுதிய எண் முக்கோணம் பற்றிய நூலில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லித்தான் ஒரு முடிவை நிறுவினார். விடைத்தாளிலும் இவை தனித்தனியாகத் தெரியவேண்டும்.

முழு விடையை எழுதுவோம்.

n = 1 எனின், 4¹ + 15 × 1 − 1 = 18 = 9 × 2.
ஆகவே n = 1 இற்கு முடிவு உண்மை.

p யாதாயினும் ஒரு நேர் நிறையெண் என்க. n = p இற்கு முடிவு உண்மை எனக் கொள்வோம்.
அதாவது 4ᵖ + 15p − 1 = 9m; இங்கு m ஒரு நிறையெண்.
ஆகவே 4ᵖ = 9m − 15p + 1.

n = p + 1 எனின்,
4ᵖ⁺¹ + 15(p + 1) − 1
= 4 × 4ᵖ + 15p + 14
= 4(9m − 15p + 1) + 15p + 14
= 36m − 45p + 18
= 9(4m − 5p + 2)

4m − 5p + 2 ஒரு நிறையெண். ஆகவே n = p இற்கு முடிவு உண்மையாயின், n = p + 1 இற்கும் அது உண்மை.

n = 1 இற்கு உண்மை என ஏற்கெனவே காட்டினோம். ஆகவே கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் நிறையெண் n இற்கும் முடிவு உண்மை.

பாதிப் பக்கம்கூட வராது. ஆனால் இதில் ஒரு வரிகூடச் சடங்குக்காக எழுதப்பட்டதல்ல. முதற்படியையே பாருங்கள். அது மிக இலேசானது. ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்தான். அதனாலேயே பல பிள்ளைகள் அதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, வினாவில் −1 ஐ அழித்துவிட்டு +2 என்று எழுதுவோம். 4ⁿ + 15n + 2 என்பது 9 ஆல் வகுபடும் என்று ஒருவர் சொல்கிறார். p இற்கு அது உண்மை எனக் கொண்டால் 4ᵖ = 9m − 15p − 2. அடுத்த படியில் 4(9m − 15p − 2) + 15p + 17 என்று வரும். சுருக்கினால் 36m − 45p + 9, அதாவது 9(4m − 5p + 1). அழகாக வந்துவிட்டது! ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் n = 1 இற்கு அந்தக் கோவையின் பெறுமானம் 21. n = 2 இற்கு 48. இரண்டுமே 9 ஆல் வகுபடா. உண்மையில் எந்த n ஐப் போட்டாலும் 3 மீதி வரும். ஒரு தடவைகூட வகுபடாது. அகல்கள் எல்லாம் எண்ணெயும் திரியுமாகத் தயாராக இருக்கின்றன. முதல் அகலில் நெருப்பு இல்லை. முதற்படியை விட்டுவிட்டு எழுதிய விடைக்கும் இந்தப் பொய்யான கூற்றின் ‘நிறுவலுக்கும்’ தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்குப் புள்ளி குறைப்பது பரீட்சகரின் கடுமை அல்ல, நியாயம்.

அடுத்து, எடுகோள். இங்கேதான் சொற்கள் கவனமாக இருக்கவேண்டும். ‘எல்லா p இற்கும் உண்மை எனக் கொள்வோம்’ என்று எழுதினால், நிறுவ வேண்டியதையே கையில் எடுத்துக்கொண்டு நிறுவப் போகிறோம் என்று பொருள். அதன்பிறகு எழுதுவது எதற்கும் பெறுமதி இல்லை. ‘யாதாயினும் ஒரு நேர் நிறையெண் p’ என்பதே சரி. ஏதோ ஓர் எண்ணில் உண்மை என்று வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணுக்குப் போக முடிகிறதா என்றுதான் பார்க்கிறோம். அதேபோல ‘m ஒரு நிறையெண்’ என்ற சிறு துண்டையும் விடக்கூடாது. m பின்னமாக இருக்கலாம் என்றால் 37 ஐக்கூட 9 × m என்று எழுதிவிடலாமே. வகுபடுதல் என்ற சொல்லின் முழுக் கனமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கடைசியில் 4m − 5p + 2 நிறையெண் என்று மறுபடி சொல்வதும் அதற்காகவே.

தொகுத்தறி படியில் பிள்ளைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் கையெழுத்துத்தான். 4ᵖ⁺¹ என்று எழுதும்போது அடுக்கில் உள்ள ‘+1’ மெல்லக் கீழே வழுக்கி 4ᵖ + 1 ஆகிவிடும். எழுதியவரே இரண்டு வரி தள்ளி அதைப் பிழையாக வாசித்துச் சுருக்கிவிடுவார். விடையைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பும்போதும் அவர் கண்ணுக்கு அது அப்படித்தான் படும். அடுக்கை ஒரு பிடி மேலே, ஒரே உயரத்தில் எழுதிவிட்டு, உடனே அடுத்த வரியில் 4 × 4ᵖ என்று பிரித்துவிடுவது நல்ல வழி. எடுகோள் நுழையும் வாசலும் அந்த வரிதான். சமன் அடையாளங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக நிறுத்தினால், எந்த வரியில் 4ᵖ போய் 9m − 15p + 1 வந்தது என்பது பார்த்த உடனே தெரியும். எடுகோளைப் பயன்படுத்தாமலே முடிந்துவிட்ட ஒரு தொகுத்தறி படியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் எங்கோ ஒரு குறி மாறியிருக்கும்.

இன்னொரு வழக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன். n = p + 1 என்று தொடங்கியதும், 4ᵖ⁺¹ + 15(p + 1) − 1 = 9t என்று முடிவையே முதல் வரியாக எழுதிவிட்டு, இருபக்கமும் சுருக்கிக்கொண்டு வருவது. வந்து சேரவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு பயணத்தைத் தொடங்க முடியாது. இடப்பக்கக் கோவையை மட்டும் எழுதி, அதிலிருந்து 9 இன் மடங்கை வருவித்துக் காட்டவேண்டும்.

கடைசி இரண்டு வாக்கியங்களை, நேரமில்லை என்று சொல்லி, ‘ஆகவே நிறுவப்பட்டது’ என்று சுருக்குகிறவர்கள் உண்டு. வினா எல்லா n ஐயும் பற்றிக் கேட்கிறது. அதுவரை நீங்கள் காட்டியது 1 ஐயும், p யிலிருந்து p + 1 இற்குப் போவதையும் மட்டுமே. இரண்டையும் சேர்த்து எல்லா n இற்கும் கொண்டுபோகிறது அந்த இறுதி வாக்கியம்தான். அதை முழுதாக எழுத அரை நிமிடம் போதும்.

எழுதி முடித்ததும் ஓரத்தில் குறித்த எண்களைப் பயன்படுத்துங்கள். p = 1 என்றால் முதற்படியின்படி m = 2. இறுதி வரி 9(8 − 5 + 2) = 45 தரவேண்டும்; தருகிறது. p = 2 என்றால், 45 = 9 × 5 என்பதால் m = 5. 9(20 − 10 + 2) = 108; அதுவும் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் சுருக்கலில் எங்கோ குறி பிசகியிருக்கிறது என்று அர்த்தம். விடைத்தாளைக் கொடுக்குமுன் அந்த வரியைத் தேடித் திருத்திவிடுங்கள்.