காசி யாத்திரை: திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து போடுங்கள்

ஜனவரியில் காசி, பிரயாக்ராஜ், கயா போய்வர நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தேதி மாறினால் அதிகப் பணம் போகும் டிக்கெட் எது என்பதைத்தான். பெரும்பாலும் அது ஊர் திரும்பும் விமானம். வடக்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். அதனால் உபரி நாளை அந்த விமானத்துக்கு முன்னால் வைக்க வேண்டும்.

ஒரு குடும்பம் பொங்கலுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காசியிலிருந்து விமானம் ஜனவரி 13, மதியத்துக்கு மேல். காலை விமானம் வேண்டாம், பனி அதிகம் படுத்துவது அந்த நேரத்தில்தான். 12ஆம் தேதி காலியாக இருக்கட்டும். கயாவுக்கு 10ஆம் தேதி போய், 11 காலை பிண்டம் வைத்து, மாலை ரயிலில் காசி திரும்பலாம். அந்த ரயில் எட்டு மணி நேரம் தாமதமானாலும் விமானம் தவறாது.

இப்படிப் பின்னோக்கி வந்தால் 9ஆம் தேதி காரில் பிரயாக்ராஜ், 8ஆம் தேதி காசியில் தரிசனம், சென்னையில் ரயில் ஏறுவது 5ஆம் தேதி. மாக மேளாவின் முக்கிய நீராடல் நாள் 9ஆம் தேதி வருகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். வந்தால் கூட்டத்தில் கார் சங்கமத்தை நெருங்கவே முடியாது.

ரயிலில் இரண்டு இரவு கழித்து 7ஆம் தேதி காசியில் இறங்குவார்கள். அன்று கோயில் வேண்டாம். பெரியவர்களுக்குக் கால் வீங்கியிருக்கும். கோதௌலியாவைத் தாண்டிய சந்துகளில் கார் போகாது, பெட்டியோடு நடக்கத்தான் வேண்டும். அதன்பின் படித்துறைப் படிகள் வேறு. குளித்து, சாப்பிட்டு, தூங்கட்டும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை அது 120 நாள். ஜனவரி 5 டிக்கெட் நவம்பர் 6 காலை 8 மணிக்குத் திறக்கும், கயா திரும்பும் டிக்கெட் நவம்பர் 12ஆம் தேதி. இந்த நாள்களை ரயில் புறப்படும் முதல் நிலையத்தின் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். முந்தைய நாளே கிளம்பி வரும் ரயிலில் வழியில் ஏறுகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு நாள் முன்பே திறந்துவிடும். பலர் இதைக் கவனிக்காமல் காத்திருப்போர் பட்டியலில் சிக்கிக்கொள்கிறார்கள்.

வழியில் ரயில் மாறுவதாக இருந்தால், இரண்டு பிஎன்ஆர்களையும் இணைத்து வாங்குங்கள். முதல் ரயிலின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால், விதிப்படி விண்ணப்பித்து இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைத் திரும்பப் பெறலாம். பணம்தான் வரும், வேறு ரயிலில் இடம் தர மாட்டார்கள். ரயில் தாமதத்தால் தவறிய விமானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்துவிட்டால் 12ஆம் தேதி சாரநாத் போகலாம். காசியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஆட்டோவே போதும்.