மீதம் அதிகம் உள்ளவருக்கே முதல் இடம்

நான்கு 'க', இரண்டு 'ப', ஒரு 'த'. இந்த ஏழு எழுத்துகளையும் ஒரே வரிசையில் எழுத வேண்டும். ஆனால் ஒரே எழுத்து இரண்டு முறை அடுத்தடுத்து வந்துவிடக் கூடாது. மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் கணக்கு இது. பார்த்தால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பது வேறு எழுத்தாக இருந்தால் போதும் என்று நினைத்துத் தோன்றியபடி எழுதத் தொடங்குங்கள்: ப, க, ப, த, க. இதுவரை ஒரு விதியும் மீறப்படவில்லை. ஆனால் கையில் மிஞ்சியிருப்பவை இரண்டு 'க'. வரிசையின் கடைசியில் நிற்பதும் 'க'. இனி நகர வழியில்லை.

தவறு ஐந்தாவது எழுத்தில் நடக்கவில்லை, முதல் எழுத்திலேயே நடந்துவிட்டது. ஏழு இடங்களில் நான்கு 'க' ஒன்றையொன்று தொடாமல் உட்கார வேண்டுமானால் 1, 3, 5, 7 ஆகிய இடங்களைத் தவிர வேறு வழியே கிடையாது. முதல் இடத்தை 'ப'வுக்குக் கொடுத்த அந்தக் கணமே கணக்கு தோற்றுவிட்டது. அது நமக்குத் தெரிய வந்ததுதான் தாமதம்.

ஆக, ஒவ்வொரு இடத்தையும் நிரப்பும்போது கேட்க வேண்டிய கேள்வி, இன்னும் மிச்சமிருப்பதில் எது அதிகம் என்பதுதான். அதிகமாக மிஞ்சியிருப்பதுதான் பின்னால் நெருக்கடி தரும். அதைத்தான் முதலில் குறைத்தாக வேண்டும். எழுத்துகளை ஒரே ஒருமுறை எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி வைத்தால் போதாதா? போதாது. ஓர் எழுத்தை எடுத்து வைத்ததும் அதன் மீதம் குறைகிறது, வரிசை மாறுகிறது. இப்போது யார் முன்னிலை என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

இதற்கென்றே அமைந்த ஏற்பாடு ஹீப். 1964-ல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ், எண்களை வரிசைப்படுத்தும் ஒரு முறைக்காக இதை உருவாக்கினார். மரம் போன்ற அமைப்பு. ஒவ்வொரு கிளைக்கும் கீழே அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். இதில் இருப்பது ஒரே ஒரு கட்டுப்பாடு: பெற்றவரின் எண் பிள்ளைகளின் எண்ணைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் யார் பெரியவர் என்பதைப் பற்றி அது கவலைப்படுவதே இல்லை. முழுதாக அடுக்காமல், பெரியதை மட்டும் உச்சியில் நிறுத்துவதால்தான் அது வேகமாக இயங்குகிறது. உச்சியில் உள்ளதை எடுத்துவிட்டால், கடைசியில் இருப்பது மேலே வந்து, தன்னைவிடப் பெரிய பிள்ளையோடு இடம் மாற்றிக்கொண்டே கீழே இறங்கும். ஆயிரம் வகை எழுத்துகள் இருந்தாலும் இறங்க வேண்டிய படிகள் பத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஹீப் மட்டும் போதாது. 'க'வை எடுத்து எழுதிவிட்டு, மீதமுள்ள மூன்றை உடனே ஹீப்பில் போட்டால் என்ன ஆகும்? மூன்றுதான் இன்னமும் பெரிய எண். அடுத்த முறையும் 'க'தான் உச்சியில் வரும். 'கக' என்று ஆகிவிடும். ஆகவே இப்போது எழுதிய எழுத்தை ஒரு முறை வெளியே நிறுத்தி வைக்க வேண்டும். அடுத்த எழுத்து எடுக்கப்பட்ட பிறகே அது உள்ளே திரும்பலாம்.

நம் ஏழு எழுத்துகளை இப்படி நடத்திப் பார்ப்போம். முதலில் 'க' வெளியே வருகிறது. மீதம் மூன்று, வெளியே நிற்கிறது. ஹீப்பில் ப-2, த-1. உச்சியில் இருக்கும் 'ப'வை எடுத்தாயிற்று, 'க' உள்ளே திரும்பியது, ஒரே ஒரு 'ப' மிஞ்சி வெளியே நிற்கிறது. மறுபடி 'க'; மீதம் இரண்டு. இப்போது ஹீப்பில் 'ப'வும் 'த'வும் ஒவ்வொன்று. சமமாக இருந்தால் எதை எடுத்தாலும் சரி. கணினி எழுத்துகளின் குறியீட்டு எண்ணைப் பார்த்து 'த'வை எடுக்கும். பிறகு க, ப, க. விடை: கபகதகபக. 'த' தீர்ந்ததும் அதை ஹீப்பில் திரும்பப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். மீதம் பூஜ்யம் ஆன எழுத்தையும் உள்ளே போட்டுவிடுவது புதிதாக எழுதுபவர்கள் செய்யும் வழக்கமான பிழை. இல்லாத எழுத்து விடையில் முளைத்துவிடும்.

பைத்தான் மொழியில் இது இவ்வளவுதான்:

```python
import heapq
from collections import Counter

def arrange(letters):
    heap = [(-n, ch) for ch, n in Counter(letters).items()]
    heapq.heapify(heap)
    out, held = [], None
    while heap:
        n, ch = heapq.heappop(heap)
        out.append(ch)
        if held:
            heapq.heappush(heap, held)
        held = (n + 1, ch) if n + 1 < 0 else None
    return out if held is None else None
```

`-n` என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இங்கே பயன்படும் `heappop` மிகச் சிறிய எண்ணைத்தான் எடுத்துத் தரும். எண்ணிக்கையை எதிர்மறையாக்கிவிட்டால் மிகப் பெரியதே மிகச் சிறியதாகிவிடும். அதனால்தான் ஓர் எழுத்தை எடுத்த பிறகு ஒன்றைக் கழிப்பதற்குப் பதில் கூட்டுகிறோம்.

கடைசி வரி முக்கியமானது. 'க' ஐந்தும், 'ப', 'த' ஒவ்வொன்றும் இருந்தால் இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. ஐந்து 'க'வுக்கு இடையில் நான்கு இடைவெளிகள். அடைக்க இருப்பதோ இரண்டே எழுத்து. நிரல் 'கதகபக' வரை போய் நின்றுவிடும்: ஹீப் காலி, ஆனால் வெளியே நிற்கும் 'க'வின் கையில் இன்னும் இரண்டு. இதைச் சோதிக்காமல் விட்டால், ஐந்தெழுத்து விடை ஒன்று சரியானது போல வெளியே வந்துவிடும். முன்கூட்டியே சொல்லவும் வழி உண்டு. மொத்த எழுத்துகளோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்குங்கள்; எந்த எழுத்தின் எண்ணிக்கையும் அதைத் தாண்டாவிட்டால் விடை உண்டு, தாண்டினால் இல்லை.

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு ஹீப் அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் 26 எண்களையும் பார்த்துவிட்டுப் போவதே போதும். வகைகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போதும், ஒரே எழுத்துக்கு நடுவே குறைந்தது மூன்று நான்கு வேறு எழுத்துகள் வர வேண்டும் என்று விதி இறுகும்போதும்தான் ஹீப்பின் அருமை தெரியும். விதி இறுகினால், ஒருவருக்குப் பதில் பலரை வரிசையாக வெளியே நிறுத்தி வைத்தால் ஆயிற்று.

தமிழுக்கு வரும்போது தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 'மிசிசிப்பி' என்ற பெயரைக் கொடுத்துப் பாருங்கள். நமக்கு அது ஐந்து எழுத்து: மி, சி, சி, ப், பி. யூனிகோடில் அது பத்துக் குறிகள்; 'ம'வும் அதன் இகரக் கொக்கியும் தனித்தனி, 'ப'வும் புள்ளியும் தனித்தனி. நான்கு முறை வருவது இகரக் கொக்கிதான். ஆகவே மேலே உள்ள நிரலுக்கு இந்தச் சொல்லை அப்படியே கொடுத்தால், மெய்யெழுத்து எதுவும் இல்லாமல் ஒரு கொக்கி மட்டும் விடையின் முதலில் வந்து நிற்கும். திரையில் அது பெரும்பாலும் புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும். கடைசியில் 'மி'க்கு மேலேயே ஒரு புள்ளி விழும். நிரலைப் பொறுத்தவரை அடுத்தடுத்த குறிகள் வெவ்வேறுதான், விடை சரிதான். படிப்பவருக்கு அது எழுத்தே இல்லை.

எண்ணுவதற்கு முன்பே சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பைத்தானின் `regex` தொகுப்பில் `regex.findall(r'\X', s)` அதைச் செய்யும். அப்படிப் பிரித்துக் கொடுத்தால் அதே நிரல் 'சிபிசிப்மி' என்று தருகிறது. அப்போதும் ஓர் இடம் மிஞ்சுகிறது: க், ஷ இரண்டும் தனி எழுத்துகளாக உள்ளே போய், விடையில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால், திரை அவற்றைச் சேர்த்து 'க்ஷ' என்று ஒரே எழுத்தாக வரைந்துவிடும். கிரந்த எழுத்துள்ள சொற்களைத் தருபவர்கள் விடையை ஒருமுறை கண்ணாலும் பார்த்துக்கொள்வது நல்லது.