விடிய விடிய 32 ஆம்பியர்

மின்சாரக் கார் வாங்கியவரிடம் சார்ஜரின் அளவைக் கேட்டால் "7 கிலோவாட்" என்று பதில் வரும். கடைக்காரர் சொன்னதும், பெட்டியில் அச்சிட்டிருப்பதும் அதுதான். ஆனால் ஒயர் இழுக்க வரும் எலக்ட்ரீஷியனுக்கு அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒயரைச் சூடாக்குவதும் பிரேக்கரை விழ வைப்பதும் ஆம்பியர். அதனால் முதல் வேலை, கிலோவாட்டை ஆம்பியராக மாற்றுவது.

கணக்கு எளிது. வாட்டை வோல்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். நம் வீடுகளுக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்சாரம் 230 வோல்ட். 7.2 கிலோவாட் என்பது 7,200 வாட். அதை 230-ஆல் வகுத்தால் 31.3 வரும். சார்ஜரின் பெயர்ப்பலகையில் 32 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். இதேபோல 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். 11 கிலோவாட் சார்ஜர் மூன்று பேஸிலும் பிரித்து எடுப்பதால் ஒவ்வொரு பேஸிலும் 16 ஆம்பியர்தான் வரும்.

இரவில் வோல்டேஜ் 200-க்கு இறங்கிவிட்டால் சார்ஜர் 36 ஆம்பியர் இழுக்குமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. இழுக்காது. இவ்வளவுக்கு மேல் எடுக்காதே என்று சுவரில் இருக்கும் சார்ஜர் காருக்கு ஒரு வரம்பைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கார் அதற்குள் நிற்கிறது. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் 32-லேயே நிற்கும், சார்ஜ் ஏறும் வேகம்தான் குறையும். 200 வோல்டில் 6.4 கிலோவாட் கிடைக்கும். அதேபோல, காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்டுக்குத்தான் ஆனது என்றால், சுவரில் 7.2 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் கார் 3.3-ஐத் தாண்டாது. பெட்டி வாங்குமுன் காரின் கையேட்டில் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

32 ஆம்பியர் என்பது வீட்டுக்குப் புதிதான அளவு. அதைவிடப் புதிது, அது ஓடும் நேரம். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். ஏசி கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இரண்டிலும் ஒயருக்கு ஆறுவதற்கு இடைவேளை உண்டு. 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் 26, 27 யூனிட். 7.2 கிலோவாட் சார்ஜர் இதற்காக நாலு மணி நேரம்போல் ஒரு நொடியும் நிற்காமல் 32 ஆம்பியர் இழுக்கும். அந்த நேரத்தில் ஒயரும் பிரேக்கரும் எவ்வளவு சூடாக முடியுமோ அவ்வளவும் சூடாகிவிடும். கீசருக்குத் தாங்கிய ஏற்பாடு சார்ஜருக்குத் தாங்காமல் போவது இதனால்தான்.

இப்போது பிரேக்கருக்கு வருவோம். 32 ஆம்பியர் சார்ஜருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போதும் என்று தோன்றும். எம்சிபி மேல் எழுதியிருக்கும் எண், சுற்றிலும் 30 டிகிரி வெப்பம் இருக்கும்போது சரியானது. மே மாதத்தில் வெயில் படும் சுவரில் மாட்டிய இரும்பு டிபி பெட்டிக்குள், பக்கத்தில் இன்னும் நாலு எம்சிபி சூடாகிக்கொண்டிருக்கையில், அதே 32 ஆம்பியர் எம்சிபி 29 ஆம்பியர்போல நடந்துகொள்ளும். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு விழும். காலையில் பார்த்தால் கார் பாதி சார்ஜில் நிற்கும். ஆகவே 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் எம்சிபி போடுவதுதான் சரி. தொடர்ந்து ஓடும் சுமைக்குக் கால்பங்கு கூடுதலாக வைக்க வேண்டும் என்பது அமெரிக்க மின்விதியிலும் இருக்கிறது. அதன்படி கணக்குப் போட்டாலும் 40-தான் வரும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. 32 விழுகிறது என்று 40 போட்டுவிடுகிறார்கள். ஒயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எம்சிபி காரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்ற வைத்தது. 40 ஆம்பியர் எம்சிபி, 40-ஐத் தாண்டிய நொடியே விழவும் விழாது. தர விதிப்படி, 45 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 58 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இடைப்பட்ட அந்தச் சூட்டை எல்லாம் ஒயர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: சார்ஜர் இழுப்பதைவிட எம்சிபி பெரியது, எம்சிபியைவிட ஒயரின் தாங்குதிறன் பெரியது. இந்த வரிசை ஓரிடத்தில் புரண்டாலும் ஆபத்து சுவருக்குள் போய்விடும்.

ஒரு வீட்டை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். மீட்டர் பெட்டி வாசல் சுவரில் இருக்கிறது. கார் நிறுத்துமிடம் வீட்டின் பின்புறம், ஒயர் போகும் வழியில் 25 மீட்டர். பிவிசி பைப்புக்குள் செம்பு ஒயர். எலக்ட்ரீஷியன் "6 ஸ்கொயர் எம்எம் போதும் சார்" என்கிறார். பைப்புக்குள் போகும் 6 ஸ்கொயர் எம்எம் பிவிசி ஒயரின் தாங்குதிறன், உலக அளவில் பின்பற்றும் அட்டவணையில், 30 டிகிரி வெப்பத்துக்கு 41 ஆம்பியர். 40 டிகிரியில் அது 36-க்குக் கீழே இறங்கிவிடும். வெயில் காய்ந்த சுவரில் 45 டிகிரி என்று வைத்தால் 32-தான் மிஞ்சும். சார்ஜர் 32, எம்சிபி 40, ஒயர் 32: வரிசை புரண்டுவிட்டது. 10 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு 30 டிகிரியில் 57 ஆம்பியர், 45 டிகிரியிலும் 45 ஆம்பியர். இப்போது 32, 40, 45 என்று வரிசை ஒழுங்காக நிற்கிறது. ஆகவே இந்த வீட்டுக்கு 10 ஸ்கொயர் எம்எம். எர்த் ஒயரையும் அதே கனத்தில் இழுத்துவிட வேண்டும். ஒயர் சுருளின் மேல் எஃப்ஆர் என்று எழுதியிருப்பதைக் காட்டி, இது கூடுதல் ஆம்பியர் தாங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எழுத்து, தீ பரவுவதைத் தடுக்கும் உறை என்பதை மட்டுமே சொல்கிறது. ஆம்பியருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கனமான ஒயருக்கு இன்னொரு பலனும் உண்டு. 25 மீட்டர் தூரத்துக்குப் போகவர 50 மீட்டர் செம்பு. சூடான 6 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 32 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 6 வோல்ட் வழியிலேயே கரையும். 200 வாட் வெறும் சூடாகச் சுவருக்குள் போகும். முன் சொன்ன நாலு மணி நேரச் சார்ஜில் முக்கால் யூனிட் அது. 10 ஸ்கொயர் எம்எம்மில் இது 120 வாட்டுக்கும் கீழே.

எம்சிபியோடு ஆர்சிசிபியும் வேண்டும். 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுவது இதன் வேலை. ஒயர் சூடாவதைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. வீடுகளில் வழக்கமாக மாட்டும் ஏசி வகை ஆர்சிசிபி காருக்குச் சரிப்படாது. காரின் மின்னணுப் பகுதியிலிருந்து நேர்மின்சாரம் கசிந்தால் அந்த வகை உணர்வற்றுப் போய், விழ வேண்டிய நேரத்தில் விழாமல் நின்றுவிடும். 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்தால் ஏ வகை ஆர்சிசிபி போதும். இல்லையென்றால் விலை அதிகமான பி வகைதான் வேண்டும்.

மூன்று பேஸ் உள்ள நம் வீடுகளில் பேஸ் மாற்றும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். ஒரு பேஸ் போனால் அதைத் திருப்பி அடுத்த பேஸுக்குப் போவது வழக்கம். சார்ஜரை அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இணைக்கக் கூடாது. ஏசி, கீசர், மோட்டார் எல்லாம் ஒரே பேஸில் விழுந்த இரவில் 32 ஆம்பியரும் அதன்மேல் ஏறினால், முதலில் உருகுவது அந்த ஸ்விட்சின் தொடுமுனைதான். மீட்டரை ஒட்டிய இடத்திலிருந்து சார்ஜருக்கென்று தனி லைன் வர வேண்டும். மின்வாரியத்தில் பதிவான லோடு 7 கிலோவாட்டைக் கூடுதலாகத் தாங்குமா என்பதையும், அதை உயர்த்த வேண்டுமா என்பதையும் ஒயர் வாங்குமுன் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

இத்தனை செலவும் எல்லாருக்கும் தேவையில்லை என்பது என் கருத்து. பல சார்ஜர்களில் ஆம்பியர் வரம்பைக் குறைத்து வைக்க முடியும். 16 ஆம்பியரில் வைத்தால் 3.7 கிலோவாட், இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணிவரை 29 யூனிட் ஏறும். தினமும் 50, 60 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. அதற்கு 20 ஆம்பியர் எம்சிபியும் 4 ஸ்கொயர் எம்எம் ஒயரும் போதும்: 45 டிகிரியிலும் அந்த ஒயர் 25 ஆம்பியர் தாங்கும். 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் அதே சூட்டில் 19-க்கு இறங்கிவிடுவதால் இங்கே தேறாது. ஏசிக்காக எப்போதோ போட்ட பழைய பவர் பிளக்கில் காரைச் செருகுவது ஏன் சரியில்லை என்பதற்கும் அதுவே காரணம். அந்த லைனில் பெரும்பாலும் 2.5-தான் இருக்கும்.

வேலை முடிந்த முதல் இரவு, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து எலக்ட்ரீஷியனை வைத்தே பார்த்துவிட வேண்டும். கிளாம்ப் மீட்டரில் 32-க்கு அருகே காட்ட வேண்டும். எம்சிபியின் முகப்பு வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால், பெரும்பாலும் திருகு தளர்ந்திருக்கும் அல்லது நுண்ணிழை ஒயரை லக் போடாமல் அப்படியே சொருகியிருப்பார்கள். மெயினை அணைத்துவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். பின்னாளில் போட்ட உடனே எம்சிபி விழுந்தால் ஷார்ட்டைத் தேட வேண்டும். ஒரு மணி நேரம் ஓடி விழுந்தால் அது சூட்டின் வேலை: சிறிய எம்சிபி, தளர்ந்த திருகு, வெயில் படும் பெட்டி இவற்றில் ஒன்று. ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் கசிவு. கேபிளுக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். கார் சார்ஜே ஏற்காமல் எர்த் பழுது என்று விளக்கு எரிந்தால், குறை எர்த் குழியிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். கோடையில் குழி காய்ந்துபோன வீடுகளில் இது அடிக்கடி வரும். சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் சேர்த்துக் கட்டி அந்த விளக்கை அணைத்துவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தக் கட்டு காரின் உடம்பு முழுக்க 230 வோல்டை ஏற்றிவிடும். அப்படி யாராவது கட்டியிருந்தால், அதைப் பிரித்து எர்த்தைச் சரிசெய்யும்வரை காரைச் செருகவே கூடாது.