95 சதவீத நம்பிக்கை: யாருடைய சதவீதம்?

புள்ளியியல் விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி இது: "சராசரி μ, 49.08-க்கும் 56.92-க்கும் இடையில் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95." கணக்கெல்லாம் சரியாக இருக்கும். முடிவாக எழுதிய இந்த வரிதான் தவறு.

ஒரு பானை நிறைய எண்கள் எழுதிய சீட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாச் சீட்டுகளின் சராசரி 50. அது ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். திட்டவிலக்கம் 10 என்பதை வகுப்புக்கும் சொல்லியிருக்கிறார். ஒரு மாணவி குலுக்கி 25 சீட்டுகள் எடுக்கிறாள். அவற்றின் சராசரி 53. 25-இன் வர்க்கமூலம் 5. 10-ஐ அதனால் வகுத்தால் திட்டப்பிழை 2. அதை 1.96-ஆல் பெருக்கினால் 3.92. இதை 53-லிருந்து கழித்தும் அதனுடன் கூட்டியும் 49.08, 56.92 என்ற எல்லைகளைப் பெறுகிறாள். சீட்டுகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கியபின் அடுத்த மாணவன் எடுக்கிறான். அவனுக்குச் சராசரி 54.5, இடைவெளி 50.58 முதல் 58.42 வரை.

இப்போது ஆசிரியர் 50 என்ற உண்மையைச் சொல்கிறார். மாணவியின் இடைவெளிக்குள் 50 இருக்கிறது, மாணவனுடையதில் இல்லை. இருவரும் செய்தது ஒரே கணக்கு. ஆனால் 50 இருப்பதற்கான நிகழ்தகவு அவளுக்கு 1, அவனுக்கு 0. இருவருக்குமே 0.95 இல்லை. பானையின் சராசரி அசையாத எண். ஒவ்வொரு முறையும் மாறுவது இடைவெளிதான்.

அப்படியானால் 95 எதைக் குறிக்கிறது? இடைவெளி அமைக்கும் முறையைக் குறிக்கிறது. இதே போல மீண்டும் மீண்டும் 25 சீட்டுகள் எடுத்து இடைவெளி அமைத்துக்கொண்டே போனால், அவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 உண்மைச் சராசரியை உள்ளடக்கும். நிஜத்தில் பானையின் சராசரியைச் சொல்ல ஆசிரியர் இருப்பதில்லை. அதனால் நம் கையிலுள்ள இடைவெளி அந்த 95-இல் ஒன்றா, தவறிய 5-இல் ஒன்றா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாணவர்கள் குழம்புவதற்குக் காரணம் பாடத்தில் வரும் இந்த வாய்பாடு:

P(X̄ − 1.96σ/√n < μ < X̄ + 1.96σ/√n) = 0.95

இது சரியானதே. இதில் X̄ இன்னும் எடுக்காத மாதிரியின் சராசரி. அது எதுவாகவும் அமையலாம். அங்கே 53 என்று எழுதிவிட்டால் வாய்ப்புக்கு விடப்பட்டது எதுவும் மிச்சமில்லை. நம்பிக்கை இடைவெளிக் கோட்பாட்டை வகுத்த ஜெர்சி நெய்மன் 1937-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைத் தெளிவாக்கியிருக்கிறார்.

μ-வுக்கே நிகழ்தகவு சொல்ல விரும்பினால் பேயீசியன் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு, சீட்டு எடுக்கும் முன்பே μ பற்றி நாம் என்ன கருதினோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே செய்த கணக்கில் அது இல்லை.

எனவே விடைத்தாளில் இப்படி எழுதுங்கள்: "μ-வின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (49.08, 56.92). இம்முறையில் பலமுறை மாதிரி எடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் சுமார் 95 சதவீதம் μ-வை உள்ளடக்கும்."