கேவிஏவைக் கூட்டினால் கணக்கு ஏன் தப்புகிறது?

கோவை கணபதிப் பக்கம் இருக்கும் நடுத்தர இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மெயின் பேனலிலிருந்து மூன்று ஃபீடர்கள் பிரிகின்றன. எலெக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரால் ஒவ்வொரு வயரையும் கவ்விப் பார்க்கிறார். கம்ப்ரஸரும் பெரிய மோட்டார்களும் ஓடுகிற ஃபீடரில் 139 ஆம்பியர். இரும்பைச் சூடேற்றும் மின் உலையின் ஃபீடரில் 70. பாதி லோடில் ஓடும் லேத் மோட்டார்களின் ஃபீடரில் 42. மூன்றையும் கூட்டினால் 251 ஆம்பியர். ஆனால் மூன்றுக்கும் கரண்ட் வந்துசேரும் இன்கமரைக் கவ்வினால் 237தான் காட்டுகிறது.

டெஸ்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நான்கு அளவுகளும் சரி. அவற்றைக் கூட்டிய விதம்தான் தவறு.

மோட்டார் வாங்கும் மின்சாரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தண்டைச் சுழற்றுவது. அது திரும்பி வராத செலவு, கிலோவாட்டில் அளக்கிறோம். இன்னொன்று, மோட்டாருக்குள் காந்தப்புலத்தை எழுப்புவது. ஒரு ஃபேஸை மட்டும் பார்த்தால், இந்தக் காந்தத்துக்கான ஆற்றல் லைனிலிருந்து உள்ளே போவதும் மறுபடி லைனுக்கே திரும்புவதுமாக நொடிக்கு நூறு முறை ஊசலாடுகிறது. மாதக் கடைசியில் பார்த்தால் இதில் செலவான யூனிட் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் போக்குவரத்துக்கான கரண்டை கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும் சுமந்துதான் ஆகவேண்டும். இதன் அளவு கேவார்.

கிலோவாட்டும் கேவாரும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பக்கங்கள். கேவிஏ என்பது அந்தச் செங்கோண முக்கோணத்தின் கர்ணம். கிலோவாட்டைக் கலப்பெண்ணின் மெய்ப் பகுதியாகவும் கேவாரைக் கற்பனைப் பகுதியாகவும் வைத்து ஒரே எண்ணாக எழுதினால் அதுதான் கலப்புத் திறன். மாறுதிசை மின்சாரத்துக்குக் கலப்பெண்களைப் பயன்படுத்தும் முறையை 1893இல் சிகாகோவில் நடந்த மின்பொறியியல் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் விளக்கிக் காட்டினார். இன்று எந்த டிப்ளமோ மாணவரும் போடுகிற கணக்கு இது.

நம் ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். மூன்று ஃபேஸ், 415 வோல்ட். கம்ப்ரஸர் ஃபீடர் 80 கிலோவாட் எடுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.8. அப்படியானால் 100 கேவிஏ, 60 கேவார். உலை வெறும் ஹீட்டர் கம்பிதான். 50 கிலோவாட், கேவார் இல்லை, ஆகவே 50 கேவிஏ. லேத் மோட்டார்கள் 18 கிலோவாட். பாதி லோடில் ஓடினாலும் காந்தத்துக்கு ஏறக்குறைய முழு அளவும் வேண்டும் என்பதால் அவற்றின் பவர் ஃபேக்டர் 0.6க்கு இறங்கிவிட்டது, 30 கேவிஏ, 24 கேவார்.

கேவிஏக்களைக் கூட்டினால் 180. இது மூன்று கர்ணங்களின் கூட்டல். மூன்றும் வெவ்வேறு திசையில் சாய்ந்திருப்பவை, ஒரே நேர்கோட்டில் அடுக்க முடியாதவை. கிலோவாட்டைத் தனியாகக் கூட்டுங்கள்: 80, 50, 18, மொத்தம் 148. கேவாரைத் தனியாகக் கூட்டுங்கள்: 60, 0, 24, மொத்தம் 84. கடைசியில் ஒரே ஒரு முறை கர்ணம் காணுங்கள்: √(148² + 84²) = 170 கேவிஏ. இதை ஆம்பியராக மாற்றினால் 237. இன்கமர் காட்டியது இதைத்தான். மொத்த பவர் ஃபேக்டர் 148/170, அதாவது 0.87. மூன்று பவர் ஃபேக்டர்களின் சராசரியைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு 0.8 வரும், அதுவும் தப்பு.

கிலோவாட்டைக் கூட்டலாம் என்பதற்கு ஆற்றல் அழியாமைதான் ஆதாரம். மூன்று இயந்திரங்கள் தின்றதை லைன் கொடுத்தே ஆகவேண்டும். கேவாரும் அப்படியே தனியாகக் கூடும் என்பது பிரெஞ்சுப் பொறியாளர் பால் பூஷெரோவின் பெயரால் வழங்கும் தேற்றம். கேவிஏவுக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

இதுவரை வித்தியாசம் 10 கேவிஏதான். கொஞ்சம் அதிகமாகவே கணக்கில் இருக்கட்டுமே என்று ஒருவர் கேட்கலாம். கெப்பாசிட்டர் வரும்போதுதான் அந்த வாதம் உடைகிறது. பஸ்பாரில் 50 கேவார் கெப்பாசிட்டர் பேங்க் ஒன்றை மாட்டுங்கள். அதன் வயரைக் கவ்வினால் 70 ஆம்பியர். உலையின் ஃபீடரிலும் அதே 70. டெஸ்டருக்கு இரண்டும் ஒன்று. கேவிஏவைக் கூட்டுகிறவர் 180உடன் 50 சேர்த்து 230 என்பார். டிமாண்ட் எகிறிவிட்டதே என்று பதறுவார். நடப்பது நேர்மாறு. மோட்டார் காந்தத்துக்காக ஆற்றலை இழுக்கும் அதே கணத்தில் கெப்பாசிட்டர் தன்னிடம் இருப்பதை விடுகிறது. மோட்டார் திருப்பித் தரும்போது கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்கிறது. அந்தப் போக்குவரத்து பஸ்பாரோடு முடிந்துவிடுகிறது. ஆகவே கெப்பாசிட்டரின் கேவார் கழித்தல் குறியோடு வரும். 84இல் 50 போக 34. கிலோவாட் அதே 148. கர்ணம் 152 கேவிஏ. இன்கமர் 237இலிருந்து 211 ஆம்பியருக்கு இறங்குகிறது. நான்கு ஃபீடர் அளவுகளையும் கூட்டினால் 321!

தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்கு டிமாண்ட் கட்டணம் கேவிஏவில் என்பதால் இந்த 18 கேவிஏ பில்லோடு சம்பந்தப்பட்டது. ஆனால் மீட்டரில் டிமாண்ட் குறைந்தாலே பணம் மிச்சமாகிவிடாது. ஒப்பந்த டிமாண்டின் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே பில் இறங்காது. 180 என்று கணக்குப் போட்டு ஒப்பந்தம் வாங்கி வைத்திருப்பவர், அதையும் குறைக்க எழுதிக் கொடுத்தால்தான் முழுப் பலன்.

கணக்குக்கான எண்களை எடுப்பதில் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட், தண்டில் கிடைக்கும் வெளியீடு. லைனிலிருந்து எடுப்பது அதைவிட அதிகம். எஃபிஷியன்சியால் வகுத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது, கெப்பாசிட்டரின் கேவார் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 440 வோல்ட்டுக்கு 50 கேவார் என்று எழுதியிருப்பது 415இல் சுமார் 44 கேவார்தான் தரும். நம் கணக்கில் உள்ள 50, 415 வோல்ட்டில் உண்மையாகக் கிடைக்கும் அளவு.

டிரைவ் வைத்து ஓடும் மோட்டார்கள் நிறைய இருந்தால் இந்த முக்கோணம் மட்டும் போதாது. அவை இழுக்கும் கரண்டின் அலைவடிவமே சிதைந்திருக்கும். அந்த ஹார்மோனிக்ஸ் கேவிஏவைக் கூட்டும், கெப்பாசிட்டரையும் சூடாக்கும். சாதாரண கெப்பாசிட்டரை மேலும் மேலும் மாட்டி இதைச் சரிசெய்ய முடியாது. பவர் அனலைசர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

டிரைவ் இல்லாத ஒர்க்‌ஷாப்பிலும் இரவு நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து மோட்டார்கள் எல்லாம் நின்றுவிட்டன, உலை மட்டும் ஓடுகிறது, கெப்பாசிட்டரை யாரும் அணைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிலோவாட் 50, கேவார் கழித்தல் 50. கர்ணம் 71 கேவிஏ, பவர் ஃபேக்டர் லீடிங் 0.71. கெப்பாசிட்டர் இல்லாமலிருந்தால் 50 கேவிஏவோடு போயிருக்கும். அந்த நேரத்தில் மின்வெட்டு வந்து ஜெனரேட்டரில் ஓட்டினால் இன்னும் மோசம்: லீடிங் லோடைத் தாங்காமல் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் கட்டுப்பாடு மீறி ஏறக்கூடும். இதற்காகத்தான் கெப்பாசிட்டரை ஒரே பேங்காக நிரந்தரமாக மாட்டாமல் சிறு சிறு ஸ்டெப்களாகப் பிரித்து, இன்கமரின் கேவாரைப் பார்த்துத் தானே சேர்க்கவும் கழற்றவும் செய்யும் ஆட்டோமேட்டிக் பேனல் வைக்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அந்தப் பேனலை முழுதாக விலக்கிவைக்கும் இன்டர்லாக் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள்.